‘போட்டோவை ஃபார்முக்குச் செட் பண்ணிக் கொடுங்க’: 200 பிக்சல், 50 கேபி கணக்கு என்ன?

வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். கூடவே ஒரு வரி: "அண்ணா, இதை ஃபார்முக்கு ஏத்த மாதிரி செட் பண்ணிக் கொடுங்க, இன்னைக்குத்தான் கடைசி நாள்." ப்ரௌசிங் சென்டர் நடத்துபவர்கள், இ-சேவை மையத்தில் இருப்பவர்கள், வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்று பெயரெடுத்தவர்கள் எல்லாருக்கும் இந்தச் செய்தி பழக்கம். ஆனால் அந்த 'ஏத்த மாதிரி'க்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அவற்றை ஒரே வேலை என்று நினைப்பதால்தான் முகம் அகலமாகிப்போன ஹால் டிக்கெட்டும், நாலு முறை அப்லோட் செய்தும் ஏற்காத ஃபார்மும் வருகின்றன.

வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் கேட்கும் போட்டோவை வைத்தே இதைப் பார்க்கலாம். மூன்று அளவுகளும் ஒரே பக்கத்தில் வருவதால் குழப்பம் முழுசாகத் தெரிவது அங்கேதான். அந்த அறிவிக்கையில் இருப்பது இது: பாஸ்போர்ட் அளவுப் படம், 4.5 செ.மீ × 3.5 செ.மீ, 200 × 230 பிக்சல் இருந்தால் விரும்பத்தக்கது, ஃபைல் 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள் இருக்க வேண்டும்.

## மூன்று அளவு, மூன்று வேலை

1. வடிவம். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். இதை மாற்றும் வேலைதான் கிராப், அதாவது வேண்டாத ஓரத்தை வெட்டி எடுப்பது.
2. பிக்சல். அந்த வடிவத்துக்குள் குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி. இதை மாற்றுவது ரீசைஸ்.
3. ஃபைலின் கனம். அந்தப் புள்ளிகளை எழுதிவைக்க எத்தனை பைட் செலவாகிறது. இது கேபி கணக்கு, இதை மாற்றுவது கம்ப்ரஷன்.

இந்த வரிசையிலேயே செய்ய வேண்டும். முதலில் கம்ப்ரஸ் செய்துவிட்டு அப்புறம் வெட்டினால், வெட்டிய பிறகு மறுபடி சேமிக்கும்போது இன்னொரு முறை கம்ப்ரஸ் ஆகும். ஜேபெக் படம் ஒவ்வொரு முறை மாற்றிச் சேமிக்கும்போதும் கொஞ்சம் நுணுக்கத்தை இழக்கும், இழந்தது திரும்பி வராது. கிராப் செய்யாமலே ரீசைஸுக்குப் போனால் நடப்பது இன்னும் மோசம்.

## வடிவம்: இழுத்தால் முகம் மாறும்

மேலே உள்ள அறிவிக்கையை இன்னொரு முறை பாருங்கள். 3.5க்கு 4.5 என்றால் அகலத்தைப் போல உயரம் 1.29 மடங்கு. 200க்கு 230 என்றால் 1.15 மடங்குதான். ஒரே பத்தியில் சொல்லப்படும் இந்த இரண்டு அளவும் ஒரே வடிவமில்லை! செ.மீ கணக்கில் சரியாக வெட்டிய ஸ்டுடியோ போட்டோவை 230 பிக்சல் உயரத்துக்குக் கொண்டுவந்தால் அதன் அகலம் 179 பிக்சல்தான் வரும். ஃபார்ம் 200 கேட்கிறதே என்று பக்கவாட்டில் இழுத்து நிரப்பினால் முகம் கிட்டத்தட்ட 12 சதவீதம் அகலமாகிவிடும். பார்த்தவுடன் "ஏதோ மாதிரி இருக்கே" என்று தோன்றும், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. தேர்வு அறையில் ஹால் டிக்கெட்டையும் ஆளையும் மாறிமாறிப் பார்க்கிற கண்காணிப்பாளருக்கும் அதேதான் தோன்றும்.

பிக்சல் எண்ணிக்கையைத் தெளிவாகக் கொடுத்திருந்தால் அந்த எண்களின் விகிதத்திலேயே வெட்டுங்கள். செ.மீ மட்டும் கொடுத்திருந்தால் செ.மீ விகிதத்தில் வெட்டுங்கள். இரண்டும் கொடுத்து இரண்டும் முரண்பட்டால் பிக்சலையே பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கம்ப்யூட்டர் எண்ணிப் பார்க்கக்கூடியது அதை மட்டும்தான்.

ரீசைஸ் பெட்டியில் Maintain aspect ratio என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால்தான் நினைத்த எண் இரண்டும் வருகிறது என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். அந்த டிக்கை எடுக்க வேண்டிய நிலை வந்தாலே கிராப் சரியில்லை என்று அர்த்தம், திரும்பிப் போய் வெட்டுவதைச் சரிசெய்யுங்கள். சரியான விகிதத்தில் வெட்டிய படத்தில் ஒரு எண்ணைப் போட்டதும் இன்னொன்று தானாகவே வந்து உட்காரும்.

## செ.மீயும் டிபிஐயும் எங்கே வருகின்றன?

திரையில் இருக்கும் படத்துக்கு செ.மீ கிடையாது. அச்சடிக்கும்போதுதான் அது வரும், அதுவும் ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சலை அடைக்கிறோம் என்பதைப் பொறுத்து. அந்த எண்தான் டிபிஐ. செ.மீயை 2.54ஆல் வகுத்து டிபிஐயால் பெருக்கினால் பிக்சல் கிடைக்கும். 3.5 × 4.5 செ.மீ என்பது 300 டிபிஐயில் 413 × 531 பிக்சல், 200 டிபிஐயில் 276 × 354 பிக்சல். டிபிஐ சொல்லாமல் செ.மீ மட்டும் கேட்கும் ஃபார்முக்கு 413 × 531 வைத்தால் பெரும்பாலும் போதும்.

ஒரு படத்தின் டிபிஐயை 72லிருந்து 300 ஆக்கிவிட்டால் அது தெளிவாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த எண் ஃபைலுக்குள் இருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே. பிக்சலைத் தொடாமல் அதை மட்டும் மாற்றினால் படத்தில் ஒரு புள்ளிகூட கூடாது, குறையாது.

## கேபி: அதிகபட்சத்தைவிட குறைந்தபட்சம்தான் தொல்லை

50 கேபிக்குள் அடக்குவது எப்படி என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். 200 × 230 கேட்கும் ஃபார்மில் நிஜமான தலைவலி அந்த 20 கேபி.

ஏன் என்று பார்க்கலாம். 200 × 230 என்றால் மொத்தம் 46,000 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். கம்ப்ரஸ் செய்யாமல் அப்படியே எழுதினாலே 1,38,000 பைட்தான். ஜேபெக் இதைச் சாதாரணமாகவே பத்தில் ஒரு பங்குக்குக்கூட சுருக்கிவிடும், அதிலும் வெள்ளைப் பின்னணி என்றால் அந்தப் பகுதிக்குக் கிட்டத்தட்ட செலவே கிடையாது. அதனால் ஒழுங்காக வெட்டி, ஒழுங்காக ரீசைஸ் செய்து, 100 வரை போகும் குவாலிட்டி அளவில் வழக்கமான 80இல் சேமித்தால் 10 கேபி சொச்சத்தில் வந்து நிற்கும். ஃபார்ம் ஏற்காது. "படத்தைச் சின்னதாக்கித்தானே கொடுத்தேன், இன்னும் என்ன?" என்று மறுபடி சுருக்கினால் இன்னும் தள்ளிப்போகும்.

இதற்கு நேர்மையான வழி இரண்டு. பிக்சல் அளவு கண்டிப்பானது என்றால் குவாலிட்டியை 95, 98, 100 என்று ஏற்றுங்கள், 100க்குப் போனால் பெரும்பாலான முகப் படங்கள் 20ஐத் தாண்டிவிடும். பிக்சல் அளவு 'விரும்பத்தக்கது' என்று மட்டும் இருந்து, படத்தை அப்லோட் பக்கமும் ஏற்றுக்கொண்டால், அதே விகிதத்தில் இரண்டு மடங்காக 400 × 460 வைத்து 85 குவாலிட்டியில் சேமிக்கலாம். 30 கேபி பக்கத்தில் வரும், முகமும் தெளிவாக இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது, ஏனென்றால் கூடுதல் கேபி உண்மையான விவரத்துக்குப் போகிறது.

கையெழுத்துக்கு இதே சிக்கல் இன்னும் இறுக்கமாக வரும். அதே அறிவிக்கையில் கையெழுத்து 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. அதன் மொத்த கனமே கம்ப்ரஸ் செய்யாமல் 25,200 பைட்தான், முக்கால்வாசி வெறும் வெள்ளைத் தாள் வேறு. குவாலிட்டியை எவ்வளவு ஏற்றினாலும் 10 கேபி எட்டாமல் போகலாம். அங்கே பிக்சலை அதே விகிதத்தில் கூட்டுவதுதான் வழி.

அளவைப் பார்க்கும்போது ஒரு கவனம். விண்டோஸில் Properties திறந்தால் Size, Size on disk என்று இரண்டு எண் இருக்கும், பார்க்க வேண்டியது முதலாவது. இன்னொன்று, 50 கேபி என்றால் சில இடத்தில் 50,000 பைட், சில இடத்தில் 51,200 பைட். விளிம்பில் நிற்க வேண்டாம், 25க்கும் 45க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் உங்களைத் தொடாது.

## ஒரு படத்தைக் கடைசிவரை செய்து பார்ப்போம்

போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த போட்டோ, 3000 × 4000 பிக்சல், ஃபைல் 3 எம்பி. நெஞ்சுக்குக் கீழே வரை தெரிகிறது, பக்கத்தில் சுவர், மேலே நிறைய காலியிடம். உச்சி முடி மேலிருந்து 900ஆவது பிக்சலில் தொடங்குகிறது, தாடை 2000இல் முடிகிறது. அதாவது தலையின் உயரம் 1100 பிக்சல். முகத்தின் நடுக்கோடு இடப்பக்கத்திலிருந்து 1480இல் இருக்கிறது.

1. எவ்வளவு பெரிய சட்டம் வேண்டும்? 200 × 230ஐ 7ஆல் பெருக்கினால் 1400 × 1610. அந்த உயரத்தில் 1100 பிக்சல் தலை என்றால் 68 சதவீதம். தலையும் தோளும் அடங்கும், முகம் சட்டத்தை நிறைக்கும். 5ஆல் பெருக்கியிருந்தால் 1150 உயரம்தான், உச்சியும் தாடையும் விளிம்பில் இடிக்கும். 12 என்றால் 2760, முகம் நடுவில் சின்னதாகத் தெரியும்.
2. எங்கே வைப்பது? உச்சிக்கு மேலே பத்தில் ஒரு பங்கு, அதாவது 160 பிக்சல் விடுவோம், சட்டம் 740இல் தொடங்கும். நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 700 தள்ளினால் 780.
3. வெட்டியதை 400 × 460 ஆக்கவும்.
4. ஜேபெக்காக 85 குவாலிட்டியில் சேமித்து அளவைப் பார்க்கவும். 45 தாண்டினால் 80க்கு இறக்கவும், 25க்குக் கீழே போனால் 92க்கு ஏற்றவும்.

விண்டோஸ் 11இல் உள்ள Photos செயலியில் Resize image போனால் பிக்சலும் குவாலிட்டியும் ஒரே பெட்டியில் வரும், சேமித்தால் எவ்வளவு கேபி ஆகும் என்றும் அங்கேயே காட்டும். பெயின்ட்டில் குவாலிட்டியை மாற்ற வழியில்லை, அதனால் கேபி கணக்குக்கு அது உதவாது. ஜிம்ப் என்ற இலவச எடிட்டர் வைத்திருப்பவர்கள் கிராப் கருவியில் விகிதத்தை 20:23 என்று பூட்டிவிட்டு இழுக்கலாம், எங்கே நகர்த்தினாலும் வடிவம் மாறாது. ஒரு நாளைக்கு நிறைய படம் செய்கிறவர்களுக்கு கட்டளையைத் தட்டி இயக்கும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் ஒரே வரி போதும்:

```
magick in.jpg -auto-orient -crop 1400x1610+780+740 +repage -resize 400x460 -strip -quality 85 out.jpg
```

இதில் `-auto-orient` என்பது படத்தை நிஜமாகவே நிமிர்த்தி வைக்கும். போன் பல சமயம் படத்தைப் படுக்கையாகவே எழுதிவிட்டு, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் உள்ளே வைக்கும். உங்கள் திரை அந்தக் குறிப்பைப் படித்து நிமிர்த்திக் காட்டும், சில ஃபார்ம்கள் படிக்காது, முன்னோட்டத்தில் ஆள் சாய்ந்து கிடப்பார். `-strip` என்பது கேமரா விவரம், எடுத்த இடம், உள்ளே ஒளிந்திருக்கும் குட்டிப் படம் எல்லாவற்றையும் கழற்றிவிடும். படம் சின்னதாக இருந்தும் கேபி குறையாமல் அடம்பிடித்தால் பெரும்பாலும் காரணம் இந்த மூட்டைதான்.

## அனுப்பும் வழியிலேயே கெடுவது

வாட்ஸ்அப்பில் போட்டோவாகச் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு இறங்கி, கம்ப்ரஸும் ஆகி வரும். மேலே பார்த்த அதே படம் அப்படி வந்திருந்தால் 1100 பிக்சல் தலை 440 ஆகியிருக்கும், நாம் வெட்டும் சட்டம் 560 × 644 ஆகியிருக்கும். 400 × 460க்கு அது இன்னும் போதும்தான். ஆனால் அதே ஆள் கல்யாண வீட்டில் குடும்பத்தோடு நின்ற போட்டோ என்றால் தலை 100 பிக்சல்கூட தேறாது, அதை எப்படி இழுத்தாலும் மங்கல்தான். முழுப் படம் எவ்வளவு பெரிசு என்பது கணக்கே இல்லை, வெட்டி எடுக்கும் சட்டத்துக்குள் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஃபார்ம் கேட்பதைவிட அது குறைந்தால் அந்தப் படம் வேண்டாம். டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் ஒரு பிக்சலும் குறையாமல் வரும்.

ஐபோனிலிருந்து வரும் படம் ஹெச்இஐசி வகையாக இருக்கலாம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11லிருந்து அதுவே வழக்கம். ஃபைல் பெயரின் கடைசியில் .jpg என்று மாற்றி எழுதினால் பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது மாறாது. ஒவ்வொரு வகை ஃபைலும் தன் முதல் சில பைட்டிலேயே தன்னை அடையாளம் காட்டிவிடும், ஜேபெக் என்றால் FF D8 FF என்று தொடங்கும். அதைச் சரிபார்க்கும் ஃபார்ம் உடனே மறுத்துவிடும். முறையாகத் திறந்து ஜேபெக்காகச் சேமிக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் இப்படித்தான், பெரும்பாலும் பிஎன்ஜி வகை, பிக்சலும் திரை காட்டிய அளவுதான்.

## பொருத்தவே முடியாத படம்

"ஏற்கெனவே ஸ்டுடியோவில் எடுத்த சாஃப்ட் காப்பி இருக்கே, அதையே அமெரிக்க விசாவுக்கும் செட் பண்ணுங்க" என்று கேட்பார்கள். அந்த விசாவுக்கு வேண்டியது சதுரப் படம், குறைந்தது 600 × 600 பிக்சல், அதிகபட்சம் 1200 × 1200, ஃபைல் 240 கேபிக்குள். உச்சியிலிருந்து தாடை வரை படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம் இருக்க வேண்டும்.

கையில் இருப்பது 413 × 531, தலை அதில் முக்கால் பாகம், அதாவது 398 பிக்சல் என்று வையுங்கள். தலை 69 சதவீதத்துக்குள் வர வேண்டுமானால் சட்டத்தின் பக்கம் குறைந்தது 577 பிக்சல் இருக்க வேண்டும். படத்தின் அகலமே 413தான். பக்கவாட்டில் வெள்ளை ஒட்டினால் தோள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், இழுத்தால் முகம் வீங்கும், போதாக்குறைக்குப் படத்தைக் கணினியில் மாற்றியமைக்கக் கூடாது என்று அங்கே விதியும் இருக்கிறது. இது முடியாது என்று நேராகச் சொல்லிவிடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் உதவி. ஸ்டுடியோவில் வெட்டுவதற்கு முந்தைய மூலப் படம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள், பல இடங்களில் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள்.

அதுவும் இல்லையென்றால் புதிதாக எடுப்பதுதான். செல்ஃபி வேண்டாம், கைநீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது உள்ளடங்கியும் தெரியும். இன்னொருவர் பின்பக்கக் கேமராவில், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, போனைக் கண் உயரத்தில் பிடித்து எடுக்கட்டும். ஆள் வெள்ளைச் சுவரோடு ஒட்டி நிற்காமல் இரண்டு மூன்று அடி முன்னால் நின்றால் பின்னால் நிழல் விழாது. தலைக்கு மேலேயும் இரண்டு தோளுக்கும் பக்கத்திலும் தாராளமாக இடம் விட்டு எடுத்து, அதை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரே படத்திலிருந்து வங்கித் தேர்வுக்கு 400 × 460ம் வெட்டலாம், விசாவுக்குச் சதுரமும் வெட்டலாம்.